எண்ணெய் மேல் போட்ட பழி

அந்தப் பூட்டுத் தொழிற்சாலையில் அவளுடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அகப்பையக்கா. கேன்டீனுக்கு வந்த புதிதில் வரிசையில் முந்திக்கொண்டு தட்டை நீட்டிய ஒரு சூப்பர்வைசரின் தட்டில் அகப்பையாலேயே டங்கென்று ஒரு தட்டு தட்டினாள். சத்தம் வார்ப்புக் கூடம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போகவே இல்லை.

பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். அப்போதிருந்த சமையல்காரர் வேலையை விட்டுப் போனதும், ஆள் கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் தேடுவதை எல்லோரும் மறந்துபோனார்கள். இருநூறு பேருக்கும் மேலே ஒரே உலையில் சோறு, ஒரே அண்டாவில் பருப்பு, காய், வாரத்தில் இரண்டு நாள் முட்டை, ஒரு நாள் பொரித்த மீன். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள், "போதும்மா, வேலைய விட்டுட்டு இங்க வந்துரு" என்று போனில் கூப்பிடும்போதெல்லாம், "இவங்களுக்கு யாரு போடுவா?" என்பாள். வீட்டில் புருஷனும் அவளும்தான். அவருக்கு ஸ்கூட்டர் பழுது பார்க்கும் வேலை. "இருநூறு பேருக்குச் சமைக்கிறவ, வீட்டுல ரெண்டு பேருக்குச் சமைக்கணும்னா மட்டும் கை வரமாட்டேங்குது" என்று அவர் கிண்டல் செய்வார். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் சமைப்பார்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைவிடப் பெரிய பலவீனம், திரும்பி வரும் தட்டுகளைப் பார்ப்பது. மிச்சம் வைத்தால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும். அந்த வருஷம் மூன்று பேர் அவள் மனதை நோகடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆள் டைம் ஆபீஸ்காரி. வருகைப் பதிவு பார்க்கிறவள், நாற்பதைத் தாண்டிய ஒல்லிக் கைக்காரி. இப்போது முகம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. வெயில் கொளுத்தும் நாளிலும் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாள். நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். "ஏன் தங்கச்சி, நல்லா இல்லையா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லக்கா, வயிறு மந்தமா இருக்கு" என்பாள், பழைய வானொலிப் பெட்டி மாதிரி கரகரத்த குரலில். அந்தக் குரலும் புதிது.

இரண்டாம் ஆள் சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டுகிற தம்பி. அவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குடுவை காலி. இன்னொரு குடுவை கேட்பான். உப்பு அதிகமாகிவிட்டதோ என்று அவள் பருப்பை நான்கு தடவை ருசி பார்ப்பாள். தட்டு நிறையச் சாப்பிட்டும் அவனுடைய பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. அவள் சமையலில் சத்தில்லை என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்று அதுவேறு கவலை.

மூன்றாம் ஆள் மெருகண்ணன். பித்தளைப் பூட்டுகளுக்கு மெருகு போடுகிற பிரிவில் மூத்தவர். சாப்பிட வந்ததும் முதல் வேலையாகக் காலணியின் கயிற்றை அவிழ்ப்பார். காலுறை கழற்றிய இடத்தில் பள்ளமாகக் கோடு விழுந்திருக்கும். காலையில் வரும்போது கண்ணிமை இரண்டும் வீங்கி, ராத்திரி முழுக்க அழுத ஆள் மாதிரி இருப்பார். "வீட்டுல சண்டையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள். "சண்டை போடக்கூடத் தெம்பில்லம்மா" என்றார் அவர்.

இதெல்லாம் நோய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் சமையலில்தான் ஏதோ குறை என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் அவள் ஏற்கெனவே பாதி நொந்துபோயிருந்தாள்.

அப்போதுதான் 'இதயம் காப்போம்' என்று பெரிய துணிப் பலகை கட்டி உடல் பரிசோதனை முகாம் நடந்தது. நடத்தியது, அலுவலகங்களுக்கு டப்பாவில் சாப்பாடு அனுப்பும் ஒரு நிறுவனம். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஒரே ஒரு சோதனைதான்: கொழுப்பு. சர்க்கரை கிடையாது, சிறுநீர் கிடையாது. இலவசமாகச் செய்கிறார்களே, அதில் குறை சொல்லலாமா என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

முடிவு வந்த வாரம் கேன்டீன் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அபாய அளவுக்கு மேல் கொழுப்பு உள்ள ஊழியர்கள் ஐந்து பேர் என்று அவர்களுடைய ஊழியர் எண்கள். அந்த மூன்று பேரின் எண்களும் அதில் இருந்தன. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'கேன்டீன் உணவில் எண்ணெய்ப் பயன்பாடு விசாரணையில் உள்ளது.'

அகப்பையக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்பைக்கூட அணைக்காமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், விசாரணைன்னா என்ன? நான் என்ன திருடிட்டேனா?"

"உக்காருங்கம்மா. யாரும் உங்களத் திருடின்னு சொல்லல. ரிசல்ட் வந்திருக்கு. ஒருத்தருக்கு நானூறுக்கு மேல. அது சாப்பாட்டுலேர்ந்துதானே வரும்?"

"எல்லாருக்கும் ஒரே அண்டாதானே சார்? எண்ணெய்தான் காரணம்னா இருநூறு பேருக்கும்ல வந்திருக்கணும்? நானும் அதைத்தான் சாப்பிடறேன்."

மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "அதெல்லாம் மெடிக்கல் விஷயம். டாக்டர் பாத்துப்பாரு."

அந்த டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து போகும் கம்பெனி டாக்டர். இளைஞர். ஒரு மதியத்துக்குள் நாற்பது பேரைப் பார்த்தாக வேண்டும். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, எண்ணைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பேச்சு: "பொரிச்சது வேண்டாம், முட்டை மஞ்சள் வேண்டாம், தினமும் நடங்க." ஐந்து பேருக்கும் ஒரே கொழுப்பு மாத்திரை. மெருகண்ணன் காலைக் காட்டி, "இது வீங்குது டாக்டர்" என்றார். "நின்னுகிட்டே வேலை பாத்தா வீங்கத்தான் செய்யும். உப்பைக் குறைங்க." டைம் ஆபீஸ்காரி வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதமே கேன்டீன் அடுப்பு அணைந்தது. டப்பா நிறுவனத்துக்கே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூடியில் சிவப்பு இதயம் வரைந்த டப்பாக்கள். உள்ளே வெந்த காய், வெந்த கோழி, உப்புச் சப்பில்லாத சோறு. அகப்பையக்காவை மறுபடி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள். கழுவப் பாத்திரமே இல்லை. தூக்கியெறிந்த டப்பாக்களை மூட்டை கட்டுவதுதான் வேலை.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. ஸ்கூட்டர் உதிரிகளுக்கு நடுவே உட்கார்ந்து புருஷனிடம் கத்தினாள். "என் கையால சாப்பிட்டுக் கெட்டுப் போனாங்களாம்! ஒருத்தன் வாயத் தொறந்து இல்லன்னு சொல்றானா பாருங்க. வக்கணையாச் சாப்பிட்ட வாய்ங்கதானே எல்லாம்!"

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "வண்டி பொகைய விடுதுன்னா பெட்ரோல் ஊத்தினவனப் போயி அடிக்கிறாங்க. என்ஜினத் தொறந்து பாக்கறதில்ல. விடு, ஒருநாள் தொறப்பாங்க."

"யாரு தொறப்பா? அதுவரைக்கும் நான் கழுதை மாதிரி டப்பா பொறுக்கணுமா?"

சில மாதங்கள் கழித்து மறு பரிசோதனை நடந்தது. ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஒருவர் கணக்குப் பிரிவு ஆள், இன்னொருவர் காவலாளி. இரண்டு பேருமே மீன் நாளில் மூன்று துண்டு கேட்டு வாங்குகிற ஆட்கள், அது அவளுக்குத் தெரியும். அதை அவள் மறைக்கவும் இல்லை. "ஆமா, அந்த ரெண்டு பேருக்கும் நான் கைய அடக்கியிருக்கணும்" என்று பின்னாளில் அவளே சொன்னாள். ஆனால் மற்ற மூன்று பேருக்கும் இறங்கவில்லை. மாத்திரையும் வெந்த காயும் தின்ற பிறகும் மெருகண்ணனுக்கு முன்னைவிட ஏறியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதன் யோசித்திருக்க வேண்டும். சாப்பாடு மாறியது, கொழுப்பு மாறவில்லை, அப்படியானால் வேறு என்ன என்று. மேனேஜர் யோசிக்கத்தான் செய்தார். அவருக்கு வந்த யோசனை இதுதான்: மூன்று பேரும் அகப்பையக்காவுக்கு வேண்டியவர்கள். அவள் வீட்டிலிருந்து எண்ணெய்ப் பண்டம் கொண்டுவந்து கள்ளத்தனமாகக் கொடுக்கிறாள்.

மறுநாள் காலை, ஷிஃப்டு மாறும் நேரம், இரண்டு பக்கமும் ஆள் கூட்டம். வாசலில் காவலாளி அவளுடைய பையை வாங்கினார். அவரும் அந்த ஐந்தில் ஒருவர்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்கக்கா. ஆர்டர்."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டு ரொட்டி, கொஞ்சம் கீரை, ஒரு வெங்காயம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"நல்லாப் பாருங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெங்காயத்த உரிச்சுப் பாருங்க. உள்ள எண்ணெய்க் கிணறு இருந்தாலும் இருக்கும்."

மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒளித்துச் சாப்பிடுவதை ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். டைம் ஆபீஸ்காரி வீட்டிலும் அதே கதை. "நீ ஆபீஸ்ல என்னத்தத் தின்னு தொலைக்கிறியோ" என்று அவளுடைய புருஷனே கேட்டானாம். மாதக்கணக்கில் அரை வயிறு சாப்பிட்டவள் அவள். கம்பெனி டாக்டர் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தொடை வலி தொடங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. தலை சீவக் கை தூக்கினால் தோள் நோகும். "உடம்ப அசைக்காதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. டப்பா மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த அகப்பையக்கா பார்த்தாள்.

"என்னாச்சு தங்கச்சி?"

"கால் என் பேச்சக் கேக்கலக்கா." வார்த்தைகள் ஒவ்வொன்றாக, சேற்றில் நடப்பது மாதிரி வந்தன. "நான் ஒண்ணுமே ஒளிச்சுத் திங்கல. நீங்களாவது நம்புங்க."

அகப்பையக்கா மூட்டையைப் படியிலேயே போட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவளைத் தோளில் சாய்த்து இறக்கி, வாசலுக்கு வந்து, புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் யாரோ பழுது பார்க்கக் கொடுத்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே பொது மருத்துவப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். நரை விழுந்த தலை, சலித்த முகம், மேசையில் ஆறிப்போன டீ. வெளியே வரிசை நடைபாதையைத் தாண்டி நின்றது. ஆனால் அந்த அம்மாள் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டார்.

"குரல் எப்பவுமே இப்படியா?"

"இல்ல டாக்டர். ஒரு வருஷமா."

"குளிருமா? மத்தவங்க ஃபேன் போடும்போது உங்களுக்குப் போர்த்திக்கணும்னு தோணுமா?"

"ஆமா."

"மலச்சிக்கல்? முடி கொட்டுதா? எதையும் மறக்கறீங்களா?"

ஒவ்வொன்றுக்கும் தலை ஆடியது. புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்து கிடந்ததை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். நாடி பிடித்தார். பிறகு அவளை முட்டி போட்டு நிற்கவைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது. ஆனால் திரும்பி வரும்போது, தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் மாதிரி மெல்ல மெல்ல வந்தது.

"இவங்களுக்கு இதுவரைக்கும் தைராய்டு டெஸ்ட் எடுத்திருக்கா?"

"கொழுப்பு மட்டும்தான் பாத்தாங்க" என்றாள் அகப்பையக்கா. "நான் போட்ட எண்ணெய்தான் காரணம்னாங்க."

டாக்டர் முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க?"

"சமைக்கிறவ. சமைச்சவ."

மறுநாள் முடிவு வந்தது. தைராய்டு சுரப்பு அநேகமாக இல்லை என்ற அளவில் இருந்தது. தசை நொறுங்குவதைக் காட்டும் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் முதலில் கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"ரத்தத்துல இருக்கற கெட்ட கொழுப்ப ஈரல்தான் இழுத்து எடுத்துக்கணும். தைராய்டு கொறஞ்சா அந்த வேலை மந்தமாயிடும். கொழுப்பு ரத்தத்துலயே தங்கிடும். பட்டினி கிடந்தாலும் தங்கும். இதைக் கவனிக்காம கொழுப்பு மாத்திரைய ஏத்தினா, ஏற்கெனவே சோர்ந்து கிடக்கற தசை அடி வாங்கும். அதான் தொடை வலி. தைராய்டு மாத்திரைய தினம் வெறும் வயித்துல போடுங்க. தசை தேறட்டும், கொழுப்பு தானா எவ்வளவு இறங்குதுன்னு பாப்போம். அப்பவும் மிச்சம் இருந்தா அப்ப யோசிக்கலாம்."

"அப்ப இவ பொய் சொல்லல" என்றாள் அகப்பையக்கா.

"யாரு பொய்யின்னு சொன்னது?"

"எல்லாரும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அந்தச் சலித்த முகத்தில் கோபம் வந்ததை அகப்பையக்கா பார்த்தாள். தன் கோபம் மாதிரியே இருந்ததால் அது உடனே அடையாளம் தெரிந்தது. "கொழுப்பு இவ்வளவு ஏறியிருந்தா, என்ன சாப்பிட்டேன்னு கேக்கறதோட நிறுத்தக் கூடாதும்மா. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், இந்த மூணுல எதாவது பின்னாடி ஒளிஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் மாத்திரையே எழுதணும். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் சிறுநீர். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல."

அகப்பையக்காவுக்குச் சட்டென்று தண்ணீர்க் குடுவையும் அவிழ்த்த காலணியும் ஞாபகம் வந்தன. "டாக்டர், இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் குடம் குடமாத் தண்ணி குடிக்கறான். ஒருத்தருக்குக் காலும் கண்ணும் வீங்குது. ரெண்டு பேருக்கும் கொழுப்புதான்னு சொல்லிட்டாங்க."

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "காலையில ஒண்ணும் சாப்பிடாம."

கூட்டிக்கொண்டு போவது எளிதாக இல்லை. வண்டிக்காரத் தம்பி, "ஏற்கெனவே திருட்டுத்தனமாத் தின்றேன்னு பேரு. இதுல லீவு வேறயா?" என்று தயங்கினான். மெருகண்ணன், "வயசானா வீங்கும்மா" என்றார். அகப்பையக்கா இரண்டு பேரையும் அவரவர் வீட்டு வாசலில் போய் நின்று திட்டினாள். தெருவே எட்டிப் பார்த்தது. அவமானம் தாங்காமலே வண்டியில் ஏறினார்கள்.

தம்பிக்கு வெறும் வயிற்றிலேயே சர்க்கரை முந்நூறை நெருங்கியது. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போவீர்கள் என்று டாக்டர் கேட்டபோதுதான், அதெல்லாம் கேட்கக்கூடிய விஷயம் என்றே அவனுக்குத் தெரிந்தது. "இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா சர்க்கரை மட்டும் ஏறாது. கொழுப்பையும் உடம்பால கையாள முடியாது. உங்களுக்கு ஏறியிருக்கறதுல பெரும்பங்கு ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு. சர்க்கரையப் பிடிச்சா அதுவும் இறங்கும்" என்றார். அவனுடைய கொழுப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு இதயத்தைக் காக்க அது வேண்டும் என்றார். "மாத்திரை தப்பில்ல. மாத்திரையோட கைய கழுவிட்டதுதான் தப்பு."

மெருகண்ணனுடைய சிறுநீரை ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார்கள். அகப்பையக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிவாக இருந்த நீர் மேலிருந்து வெள்ளையாகத் திரண்டது. கொதிக்கிற தண்ணீரில் முட்டை உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு திரளுமே, அதே மாதிரி.

"இது என்னங்க?"

"புரதம்மா" என்றார் ஆய்வுக்கூடத்துக்காரர். "உடம்புல நிக்க வேண்டியது. ஒழுகிப் போகுது."

இந்த மனிதருக்குத்தான் முட்டையைத் தடுத்தார்கள். இவருடைய தட்டுக்குத்தான் விசாரணை வைத்தார்கள். இவர் தின்ற சத்தே உடம்பை விட்டு ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, ஒருவரும் ஒரு குழாய் சிறுநீரை வாங்கிப் பார்க்கவில்லை.

"நுரை நுரையா போகும். சோப்பு போட்டுக் கழிப்பறை கழுவறாங்கன்னு நெனச்சேன்" என்றார் மெருகண்ணன், குழந்தை மாதிரி.

சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். ஒழுகும் புரதத்தை ஈடுகட்ட ஈரல் ஓயாமல் வேலை செய்கிறது. அந்த வேகத்தில் கொழுப்பையும் சேர்த்துச் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. புரதம் குறைந்ததால்தான் காலிலும் கண்ணிமையிலும் நீர் கோக்கிறது. அவரைப் படுக்கையில் சேர்த்தார்கள். ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்து மருந்து தொடங்கினார்கள். வீக்கம் வடியப் பல வாரம் ஆனது. புரதம் ஒழுகுவது குறைந்தது. முழுசாக நிற்கவில்லை. சிறுநீரகத்தின் பலத்தில் ஒரு பங்கு போனது போனதுதான்.

"முதல் தடவை கால் வீங்குதுன்னு சொன்னப்பவே வந்திருந்தா?" என்று அவருடைய மனைவி கேட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இதைவிட நல்லா இருந்திருக்கும்."

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள். அகப்பையக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள்.

மேனேஜர் அறையில் அன்று கம்பெனி டாக்டரும் இருந்தார். அவள் உட்காரவில்லை.

"சார், மூணு பேருக்கும் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்திக்குத் தைராய்டு. ஒருத்தனுக்குச் சர்க்கரை. மெருகண்ணனுக்குச் சிறுநீரகம். என் எண்ணெயில தைராய்டு எங்க சார் இருந்துச்சு?"

"அம்மா, நாங்க நல்ல எண்ணத்துலதான்..."

"நல்ல எண்ணமா? என் பையைத் தொறந்து ரோட்டுல பரப்பினது நல்ல எண்ணமா? அரைப் பட்டினி கிடந்தவளப் பொய்க்காரின்னது நல்ல எண்ணமா? ஒரு மனுஷன் காலக் காட்டிக் கேட்டாரு. நின்னா வீங்கும்னு அனுப்பினீங்க. உங்க இதயம் போட்ட டப்பாவத் தின்னுக்கிட்டே அவரு சிறுநீரகம் போயிருக்கு!"

"டாக்டர் சொன்னதத்தான் செஞ்சோம்" என்றார் மேனேஜர்.

கம்பெனி டாக்டர் தரையைப் பார்த்தார். "முகாம்ல கொழுப்புதான் பாத்தாங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"வாசல்ல ஒட்டினீங்கல்ல? அதே எடத்துல, அதே கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க. கேன்டீன் சாப்பாட்டால இவங்களுக்கு வரலன்னு. அந்த மூணு பேரும் பொய் சொல்லலன்னு."

"அப்படியெல்லாம் எழுத முடியாது. கம்பெனி தப்பு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? கொழுப்பு ஏறுமா?"

அறிவிப்பு வரவில்லை. கதை பிரிவு பிரிவாகப் பரவியது. மறு வாரம் மெருகுப் பிரிவில் ஒருவர்கூட டப்பாவைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் வார்ப்பு, பிறகு பொட்டலம் கட்டும் பிரிவு. சிவப்பு இதயங்கள் கேன்டீன் மேசையில் கோபுரமாக நின்று நாறின. மாதக் கடைசியில் வேறொரு தாள் ஒட்டினார்கள்: 'நிர்வாகக் காரணங்களுக்காகக் கேன்டீன் சமையல் மீண்டும் தொடங்கும்.' அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. நிர்வாகத்துக்கு மட்டும் எப்போதும் காரணங்கள் இருக்கும்.

"போகாத" என்றார் புருஷன். "மரியாதை இல்லாத எடத்துல என்ன வேலை?"

"போவேன்," என்றாள். "நான் போகலன்னா அவங்க சொன்னது உண்மையாயிடும்."

போய், முதல் நாளே அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கம்பெனி டாக்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் பாத்திருக்கணும்மா. படிச்சதுதான். கேக்க நேரமில்லன்னு விட்டுட்டேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன பண்ண? மெருகண்ணன் வீட்டுக்குப் போயிச் சொல்லுங்க."

அவர் போனார். மெருகண்ணனின் மனைவி கதவைத் திறந்து, சொன்னதைக் கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டதாகச் சொன்னார்கள்.

டைம் ஆபீஸ்காரிக்கு இரண்டு மாதத்துக்குள் தொடை வலி போனது. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போனது. கொழுப்பு மாத்திரை இல்லாமலேயே கொழுப்பு பாதியாக இறங்கியது. ஊழியர் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, இனி முகாம் வைத்தால் சர்க்கரையும் சிறுநீரும் பார்க்க வேண்டும், கொழுப்பு ஏறியவர்களுக்குத் தைராய்டும் பார்க்க வேண்டும், முடிவை வாசலில் ஒட்டக்கூடாது என்று பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. மேனேஜர் பரிசீலிப்பதாகச் சொன்னார். "பரிசீலனை முடியறவரைக்கும் நான் உக்கார மாட்டேன்" என்று அவள் நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த முகாமில் புதிதாக நான்கு பேருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

மெருகண்ணன் மெருகு இயந்திரத்துக்குத் திரும்பவில்லை. சாவிகளைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். அவருக்கு உப்புக் குறைத்து, டாக்டர் சொன்ன அளவு புரதத்தோடு தனிச் சட்டியில் அவள் சமைக்கிறாள். சாப்பிடும்போது அவர் இப்போதும் காலணியை அவிழ்க்கிறார். வீக்கம் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இருக்கிற நாளில் அவளுக்கு அடுப்படியில் எதையாவது ஓங்கி வைக்க வேண்டியிருக்கும்.

போன வாரம் மேனேஜர் வரிசையில் தட்டோடு வந்து நின்றார். நெடுநாளைக்குப் பிறகு வருகிறார். அவள் சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், மீனையும் வைத்தாள், மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு.

"கோபம் போயிடுச்சாம்மா?" என்றார் அவர், சிரிக்க முயன்று.

"பசிக்குச் சோறு போடறது என் வேலை சார். அதைச் செஞ்சுட்டேன்" என்றாள் அவள். "அந்த அறிவிப்பு இன்னும் ஒட்டல. அடுத்த ஆளு வாங்க."